மார்ச் 31 அன்று கிடங்கில் நிற்கும் சிப்பத்துக்கு என்ன விலை? சரக்கிருப்பு மதிப்பீட்டு முறை லாபத்தை மாற்றும் விதம்

ஒரே கடை, ஒரே கொள்முதல், ஒரே விற்பனை, கல்லாவில் அதே பணம். ஆனால் முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில் கணக்கெழுதினால் ஒரு லாபமும், எடையிட்ட சராசரி முறையில் எழுதினால் வேறொரு லாபமும் வருகின்றன. கும்பகோணத்தில் அரிசி மண்டி நடத்தும் ஒருவர் ஆண்டு முடிவில் தம் ஆடிட்டரிடம், "காசு ஒரே காசுதானே சார், லாபம் மட்டும் எப்படி ரெண்டு விதமா வருது?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். இவ்வழிகாட்டி அந்தக் கேள்விக்கு ஓர் அரிசி மண்டியின் ஓராண்டுக் கணக்கைப் படிப்படியாகப் போட்டு விடை காண்கிறது. கணக்கில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. பின்பற்றும் விதிகள் நடைமுறையில் உள்ளவை.

## கணக்கு பிரியும் இடம்

வணிகக் கணக்கில் விற்ற சரக்கின் அடக்கவிலையை யாரும் நேரடியாக அளப்பதில்லை. அது மிச்சமாகக் கிடைக்கும் எண்.

```
விற்ற சரக்கின் அடக்கவிலை = தொடக்க இருப்பு + கொள்முதல் − இறுதி இருப்பு
மொத்த லாபம் = விற்பனை − விற்ற சரக்கின் அடக்கவிலை
```

இதில் கொள்முதலுக்கு பில் இருக்கிறது, விற்பனைக்கும் பில் இருக்கிறது, தொடக்க இருப்பு சென்ற ஆண்டின் கணக்கிலிருந்து வந்துவிடுகிறது. இறுதி இருப்பின் மதிப்புக்கு மட்டும் எந்த பில்லும் கிடையாது. கிடங்கில் 400 சிப்பம் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்த 400 சிப்பமும் எந்த விலைக்கு வாங்கியவை என்பதை, ஆண்டு முழுவதும் பல விலைகளில் வாங்கிய சரக்கிலிருந்து ஏதேனும் ஓர் அனுமானத்தைக் கொண்டுதான் சொல்ல முடியும். அந்த அனுமானமே மதிப்பீட்டு முறை. இறுதி இருப்பின் மதிப்பு ஒரு ரூபாய் கூடினால் விற்ற சரக்கின் அடக்கவிலை ஒரு ரூபாய் குறைகிறது, லாபம் ஒரு ரூபாய் கூடுகிறது. ஆகையால் இரண்டு முறைகளுக்கு இடையே லாபத்தில் தோன்றும் வேறுபாடு, இறுதி இருப்பு மதிப்பில் உள்ள வேறுபாட்டுக்குக் காசு பிசகாமல் சமமாக இருக்கும். தொடக்க இருப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கும்வரை இது பொருந்தும்.

## முதல் படி: எண்ணிக்கையை நிலைநிறுத்துதல்

விலையைப் பற்றிப் பேசும் முன் அளவு சரியாக இருக்க வேண்டும். மார்ச் 31 மாலை வியாபாரம் முடிந்ததும் கிடங்கில் உள்ள சிப்பங்களை ரகம் வாரியாக எண்ணி, தொடக்க இருப்புடன் கொள்முதலைக் கூட்டி விற்பனையைக் கழித்து வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். பில் வந்து லாரி வராத சரக்கும், லாரி வந்து பில் வராத சரக்கும் ஆண்டு முடிவில்தான் அதிகம் இருக்கும். பில்லைக் கொள்முதலில் ஏற்றிவிட்டு, வழியில் இருக்கும் சரக்கை இருப்பில் சேர்க்காமல் விட்டால், எந்த முறையைப் பின்பற்றினாலும் அந்தச் சரக்கின் முழு விலையும் லாபத்திலிருந்து காணாமல் போகும். மதிப்பீட்டு முறையால் வரும் வேறுபாட்டைவிட இந்தப் பிழை பெரும்பாலும் பெரியது.

## இரண்டாம் படி: ஒரு சிப்பத்தின் அடக்கவிலை

நம் மண்டி 26 கிலோ சிப்பத்தில் பொன்னி புழுங்கல் அரிசி ஒரே ரகத்தை விற்கிறது என்று கொள்வோம். முன்கூட்டியே சிப்பமிட்டுப் பெயரொட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அது 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு மட்டும் பொருந்தியதால், 26 கிலோ சிப்பம் பரவலாயிற்று. நம் கணக்கில் வரி குறுக்கிடாமல் இருக்க இது வசதி.

அடக்கவிலையில் ஆலை பில்லின் விலை, மண்டி வரை வந்த லாரி வாடகை, இறக்குகூலி ஆகியவை சேரும். ஆலைக்காரர் கொடுத்த தள்ளுபடி கழியும். சரக்கு வந்து சேர்ந்த பின் ஆகும் கிடங்கு வாடகை, வங்கிக் கடனுக்கான வட்டி, விற்கும்போது கொடுக்கும் ஏற்றுகூலி, தரகு ஆகியவை சேராது. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கணக்கியல் தரநிலை 2 இவ்வாறுதான் வகுக்கிறது. லாரி வாடகையைச் சில கொள்முதலில் சேர்த்தும் சிலவற்றில் நேராகச் செலவில் எழுதியும் வந்தால், பிறகு எந்த முறையைத் தேர்ந்தாலும் ஒப்பீடு பொருளற்றதாகிவிடும்.

## மூன்றாம் படி: ஆண்டின் வரவை வரிசையாக எழுதுதல்

மண்டியின் ஓராண்டு வரவு இது. விலையில் லாரி வாடகையும் இறக்குகூலியும் அடக்கம்.

| வரவு | சிப்பம் | ஒன்றின் அடக்கவிலை (ரூ.) | மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|
| ஏப்ரல் 1, தொடக்க இருப்பு | 200 | 1,200 | 2,40,000 |
| ஜூன் | 300 | 1,260 | 3,78,000 |
| செப்டம்பர் கடைசி வாரம் | 300 | 1,340 | 4,02,000 |
| மார்ச் நடுப்பகுதி | 400 | 1,230 | 4,92,000 |
| கூடுதல் | 1,200 | | 15,12,000 |

விலை இப்படி ஏறி இறங்குவதற்குக் காரணம் சாகுபடிப் பருவம். பொன்னி சம்பா, தாளடிப் பட்டங்களில் விளைவது. ஜனவரி தொடங்கி மார்ச் வரை நடக்கும் அறுவடையில் நெல் குவியும்போது விலை இறங்கும். மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு நடக்கும் மாதங்களில் பழைய இருப்பு கரையக் கரைய விலை ஏறும். அடுத்த சம்பா வீட்டுக்கு வரும்வரை அந்த ஏற்றம் நீடிக்கும். டெல்டாவின் அரிசி வணிகர் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணக்கு எழுதும்போது இதை மறந்துவிடுகிறோம்.

விற்பனை 800 சிப்பம். ஏப்ரல், மே மாதங்களில் 100. ஜூன் கொள்முதலுக்குப் பின் செப்டம்பர் கொள்முதலுக்கு முன் 300. அதன்பின் பிப்ரவரி வரை 300. மார்ச் கொள்முதல் வந்து இறங்கிய பின் 100. கணக்கு எளிதாக இருக்க எல்லாச் சிப்பமும் 1,350 ரூபாய்க்கு விற்றதாகக் கொண்டால் விற்பனை 10,80,000 ரூபாய். மார்ச் 31-ல் மிச்சம் 400 சிப்பம்.

## நான்காம் படி: இரண்டு முறையிலும் இறுதி இருப்பு

முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில், விற்ற 800 சிப்பமும் வரிசையில் முதலில் வந்தவை என்று கொள்கிறோம். தொடக்க இருப்பின் 200, ஜூனின் 300, செப்டம்பரின் 300 ஆகிய மூன்றும் சேர்ந்து 800 ஆகிவிட்டன. ஆகவே கிடங்கில் நிற்கும் 400-உம் மார்ச் வரவு. அவற்றின் மதிப்பு 4,92,000 ரூபாய். விற்ற சரக்கின் அடக்கவிலை 15,12,000-இலிருந்து 4,92,000 போக 10,20,000. மொத்த லாபம் 60,000 ரூபாய்.

எடையிட்ட சராசரி முறையில், 1,200 சிப்பத்துக்கு 15,12,000 ரூபாய் என்பதால் ஒன்றுக்கு 1,260 ரூபாய். எண்ணிக்கையைக் கருதாமல் நான்கு விலைகளையும் கூட்டி நான்கால் வகுக்கக் கூடாது. அது வெறும் சராசரி. அப்படிச் செய்தால் 1,257 ரூபாய் 50 காசு வரும். அந்த விலையில் பெருக்கினால் வரவின் மொத்தத் தொகையோடு கணக்கு ஒட்டாது. சராசரி விலையில் 400 சிப்பத்தின் மதிப்பு 5,04,000 ரூபாய். விற்ற சரக்கின் அடக்கவிலை 10,08,000. மொத்த லாபம் 72,000 ரூபாய்.

வேறுபாடு 12,000 ரூபாய். ஒரு சிப்பத்துக்கு 30 ரூபாய் வீதம் 400 சிப்பத்துக்கு வரும் தொகை அது. அரிசி வணிகம் குறைந்த லாப விகிதத்தில் நடப்பது. விற்பனையில் இது ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும் தொகைதான் என்றாலும், 60,000 ரூபாய் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மெல்லிய லாபத்தில் பெரிய இருப்பு வைத்திருக்கும் தொழில்களில்தான் மதிப்பீட்டு முறை இப்படி உறைக்கும். காய்கறிக் கடையில் நாள் முடிவில் இருப்பே இராது என்பதால் இந்தக் கேள்வியே எழாது.

## பாடப்புத்தக விதி இங்கே தலைகீழாவது ஏன்

விலை ஏறும் காலத்தில் முதலில் வந்தது முதலில் செல்லும் முறை அதிக லாபத்தைக் காட்டும் என்று வணிகவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நம் மண்டியில் ஏப்ரலில் 1,200 ஆக இருந்த அடக்கவிலை மார்ச்சில் 1,230. விலை ஏறியிருக்கிறது. ஆனால் அம்முறை குறைந்த லாபத்தையே காட்டியது.

விதி தவறில்லை, அதை முழுமையாகச் சொல்வதில்லை. விலை ஆண்டு முழுவதும் இடைவிடாமல் ஏறிக்கொண்டே போனால் மட்டும் அது அப்படியே பொருந்தும். உண்மையில் ஒப்பிட வேண்டியது தொடக்க விலையையும் இறுதி விலையையும் அல்ல. கடைசியாக வந்து இன்னும் கிடங்கில் நிற்கும் சரக்கின் விலையை, ஆண்டின் சராசரி விலையோடு ஒப்பிட வேண்டும். கடைசி விலை சராசரிக்கு மேலிருந்தால் முதலில் வந்தது முதலில் செல்லும் முறை அதிக லாபம் காட்டும், கீழிருந்தால் குறைந்த லாபம் காட்டும்.

இதே மண்டியின் கணக்கைச் செப்டம்பர் 30-ல் நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். அன்று வரை வரவு 800 சிப்பம், 10,20,000 ரூபாய். விற்றது 400, மிச்சம் 400. முதலில் வந்தது முதலில் செல்லும் முறையைச் சுருக்கமாக முதல் முறை என்போம். அதில் மிச்சம் என்பது செப்டம்பரின் 300-உம் ஜூனின் 100-உம். அவற்றின் மதிப்பு 4,02,000-உம் 1,26,000-உம் சேர்ந்து 5,28,000 ரூபாய். சராசரி முறையில் ஒரு சிப்பம் 1,275 வீதம் 5,10,000 ரூபாய். அரையாண்டு விற்பனை 5,40,000 ரூபாய் என்பதால், முதல் முறையில் அரையாண்டு லாபம் 48,000, சராசரி முறையில் 30,000. செப்டம்பரில் முதல் முறை 18,000 ரூபாய் அதிக லாபம் காட்டியது, ஆறு மாதம் கழித்து அதே முறை 12,000 ரூபாய் குறைவாகக் காட்டுகிறது.

நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதும், சம்பா, தாளடி அறுவடை அதற்குச் சற்று முன் முடிவதும் டெல்டாவின் நெல், அரிசி வணிகத்துக்கு அமைந்துவிட்ட தனி நிலை. கிடங்கு நிரம்பியிருக்கும் நேரமும் கொள்முதல் விலை தாழ்ந்திருக்கும் நேரமும் ஒன்றாகவே வந்து கணக்கு முடிக்கும் நாளில் விழுகின்றன. மற்ற தொழில்களுக்காக எழுதிய விதியை இங்கே அப்படியே பொருத்துவோர் தவறான திசையில் லாபத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். பருவமழை தவறி அறுவடைக் காலத்திலேயே விலை ஏறிய ஆண்டில் நிலை மறுபடி மாறும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கடைசி விலையையும் சராசரி விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வழி.

## ஐந்தாம் படி: எந்தச் சராசரி என்று தீர்மானித்தல்

சராசரி முறை என்று சொல்வதோடு வேலை முடிந்துவிடாது. மேலே செய்தது ஆண்டு முடிவில் ஒரே தடவை எடுக்கும் சராசரி. ஒவ்வொரு கொள்முதல் வந்ததும் அன்றைய மிச்சத்தோடு கலந்து புதிய சராசரி எடுப்பது நகரும் சராசரி. கணினியில் அன்றாடம் இருப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது இயல்பாக அமையும்.

நம் மண்டியில் மே இறுதியில் 1,200 ரூபாய் வீதம் 100 சிப்பம் மிச்சம். ஜூன் வரவு 300 சேர்ந்ததும் 400 சிப்பம், 4,98,000 ரூபாய், சராசரி 1,245. அதில் 300 விற்றபின் 100 மிச்சம். செப்டம்பர் வரவு சேர்ந்ததும் 400 சிப்பம், 5,26,500 ரூபாய், சராசரி 1,316 ரூபாய் 25 காசு. அதில் 300 விற்றபின் மிஞ்சிய 100 சிப்பத்தின் மதிப்பு 1,31,625. மார்ச் வரவு 400 சேர்ந்ததும் 500 சிப்பம், 6,23,625 ரூபாய், சராசரி 1,247 ரூபாய் 25 காசு. கடைசி 100 விற்றபின் 400 சிப்பத்தின் மதிப்பு 4,98,900 ரூபாய். மொத்த லாபம் 66,900.

இப்போது ஒரே கடைக்கு 60,000, 66,900, 72,000 என்று மூன்று லாபம். நகரும் சராசரி இரண்டுக்கும் இடையில் விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டுச் சராசரியில், மழைக்காலத்தில் வாங்கி விற்றுத் தீர்ந்துவிட்ட 1,340 ரூபாய்ச் சிப்பங்களின் விலையும் மார்ச் இறுதியில் நிற்கும் சிப்பத்தின் மீது ஏறுகிறது. நகரும் சராசரியில், மார்ச் வரவு இறங்கிய நாளில் பழைய மிச்சம் 100 சிப்பமே இருந்ததால் அந்த அளவுக்கு மட்டும் பழைய விலை கலக்கிறது. மார்ச் வரவுக்கு முன் கிடங்கு காலியாகவே இருந்திருந்தால், நகரும் சராசரியும் முதலில் வந்தது முதலில் செல்லும் முறையும் ஒரே எண்ணைத் தந்திருக்கும். கணக்கியல் தரநிலை 2 இரு வகைச் சராசரியையும் ஏற்கிறது. ஆனால் எதைப் பின்பற்றுகிறோம் என்பதை எழுதிவைத்து ஆண்டுதோறும் அதையே தொடர வேண்டும். முதலில் வந்தது முதலில் செல்லும் முறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அன்றாடம் போட்டாலும் ஆண்டு முடிவில் போட்டாலும் விடை மாறாது.

## ஆறாம் படி: நிகர விற்பனை மதிப்போடு ஒப்பிடுதல்

பலர் நான்காம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சரக்கிருப்பை அடக்கவிலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். நிகர விற்பனை மதிப்பு என்பது வழக்கமான வணிகத்தில் கிடைக்கக்கூடிய விற்பனை விலையிலிருந்து விற்பதற்கு ஆகும் செலவைக் கழித்தது.

மார்ச் இறுதியில் அறுவடை வரத்தால் சந்தை மேலும் சரிந்து, கிடங்கில் உள்ள அரிசி 1,255 ரூபாய்க்குத்தான் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுகூலியும் தரகும் 15 ரூபாய் போனால் நிகர விற்பனை மதிப்பு 1,240 ரூபாய். முதல் முறையின் அடக்கவிலை 1,230 என்பதால் அதில் குறைப்பதற்கு ஒன்றுமில்லை. இறுதி இருப்பு 4,92,000, லாபம் 60,000 என்றே நிற்கும். ஆண்டுச் சராசரியின் 1,260 ரூபாயை 1,240-க்கு இறக்க வேண்டும். 400 சிப்பத்துக்கு 8,000 ரூபாய் குறைந்து இறுதி இருப்பு 4,96,000, லாபம் 64,000 ஆகும். நகரும் சராசரியின் 1,247 ரூபாய் 25 காசும் 1,240-க்கு இறங்கி, அங்கும் லாபம் 64,000 ஆகும்.

12,000 ரூபாயாக இருந்த இடைவெளி 4,000 ஆகிவிட்டது. விலை சரியும் ஆண்டில் எந்தச் சராசரியைப் பின்பற்றினாலும், கிடைக்காத விலையில் சரக்கைக் காட்டி லாபத்தை உயர்த்த இந்த விதி இடம் தருவதில்லை. சராசரி முறையைப் பின்பற்றும் டெல்டா வணிகர் மார்ச் மாதத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விட்டால், லாபம் மிகையாகக் காட்டப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஏப்ரல் முதல் வார விற்பனை பில்களை எடுத்து, இறுதி இருப்புக்குப் போட்ட விலையோடு ஒப்பிட்டால் போதும். விற்ற விலையே இருப்பு விலைக்குக் கீழே இருந்தால் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும்.

## பழைய அரிசியும் புது அரிசியும் ஒரே சரக்கா?

மேற்கண்ட கணக்கு முழுவதும் ஓர் அடிப்படையில் நிற்கிறது. எல்லாச் சிப்பமும் ஒன்றுக்கொன்று மாற்றாக விற்கக்கூடியவை என்பதே அது. இந்த ஊர்ச் சமையலறையில் அப்படி இல்லை. பழைய அரிசி சாதம் உதிரியாக வரும், கஞ்சி அதிகம் விடாது, வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். புது அரிசி குழையும். மண்டியில் இரண்டுக்கும் இரண்டு விலைச்சீட்டு மாட்டியிருந்தால், கணக்கிலும் அவை இரண்டு சரக்கு.

அவ்வாறு பிரித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். தொடக்க இருப்பு, ஜூன், செப்டம்பர் வரவுகள் பழைய அரிசி. அவை 800, விற்றதும் 800, மிச்சம் எதுவும் இல்லை. மார்ச் வரவு 400-உம் புது அரிசி. அது முழுதும் 1,230 ரூபாய்க்கு வாங்கியது. எந்த முறையில் போட்டாலும் இறுதி இருப்பு 4,92,000 ரூபாய்தான். முறைகளுக்கு இடையிலிருந்த இடைவெளி மறைந்துவிட்டது.

என் கருத்தில், எந்த முறை என்ற கேள்விக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது எது ஒரு சரக்கு என்ற கேள்விக்குக் கொடுக்க வேண்டும். பொன்னி, ஆடுதுறை 45, சி.ஆர். 1009 எல்லாவற்றையும் 'அரிசி' என்ற ஒரே தலைப்பில் போட்டுச் சராசரி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இட்லி அரிசியாகப் போகும் மோட்டா ரகத்தின் விலையும் சாப்பாட்டு அரிசியின் விலையும் கலந்து வரும் சராசரி, கிடங்கில் உள்ள எந்த மூட்டைக்கும் உரியதாக இராது. ரகம் ஒன்று தீர்ந்து மற்றொன்று மிஞ்சும் ஆண்டில் லாபம் காரணமில்லாமல் ஏறவோ இறங்கவோ செய்யும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முதலில் வந்தது முதலில் செல்லும் முறை என்பது செலவு செல்லும் வரிசையைப் பற்றிய அனுமானம். வேலையாள் எந்த அடுக்கிலிருந்து சிப்பத்தைத் தூக்கினார் என்பதை அது கேட்பதில்லை. ஒரே ரகத்தில் பின்னால் வந்த சிப்பம் முன்னால் விற்றுப்போனாலும் கணக்கு வரவின் வரிசைப்படியே ஓடும்.

## அடுத்த ஆண்டில் இந்த வேறுபாடு எங்கே போகிறது

இவ்வாண்டின் இறுதி இருப்பு அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு. சராசரி முறையில் இவ்வாண்டு 12,000 ரூபாய் கூடுதல் லாபம் காட்டியவர், அடுத்த ஆண்டை 12,000 ரூபாய் கூடுதல் அடக்கவிலையோடு தொடங்குகிறார். அடுத்த மார்ச்சில் கிடங்கு காலியாக இருந்தால், அவ்வாண்டு லாபம் அதே 12,000 ரூபாய் குறைவாக வரும். இரண்டு ஆண்டையும் சேர்த்தால் இரு முறையிலும் லாபம் ஒன்றே. மதிப்பீட்டு முறை லாபத்தை உண்டாக்குவதில்லை, எந்த ஆண்டில் காட்டுவது என்பதை மட்டும் நகர்த்துகிறது.

ஆனால் நடந்துகொண்டிருக்கும் மண்டியில் கிடங்கு காலியாவதில்லை. அடுத்த மார்ச்சிலும் இரண்டு முறைக்கும் இடையே 12,000 ரூபாய் இடைவெளியே இருந்தால் அவ்வாண்டு லாபம் இரு முறையிலும் சமமாக வரும். இடைவெளி 20,000 ஆக விரிந்தால் சராசரி முறை 8,000 ரூபாய் மட்டும் அதிக லாபம் காட்டும். இறுதி இடைவெளியிலிருந்து தொடக்க இடைவெளியைக் கழித்தால் வருவதே அந்த ஆண்டின் லாப வேறுபாடு. இரண்டு மண்டிகளின் லாபத்தை ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

## தேர்வு, வரி, வங்கி

பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தரநிலை இவ்விரு முறைகளையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறையை இந்தியாவில் 1999-இல் திருத்திய தரநிலையே விலக்கிவிட்டது. பன்னாட்டுத் தரநிலை 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விலக்கியது. அமெரிக்காவில் அது இன்றும் உண்டு. வருமான வரிக்கான வருமானக் கணக்கீட்டுத் தரநிலை 2-உம் இவ்விரு முறைகளையே ஏற்கிறது. ஒருமுறை தேர்ந்த முறையைத் தக்க காரணமின்றி மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காட்டை லாபமாகக் கொள்ளும் உத்தேச வருமானத் திட்டத்தில் இருக்கும் சிறு வணிகருக்கு, வரியைப் பொறுத்தவரை எந்த முறையாலும் வேறுபாடு இராது.

எனக்குத் தோன்றுவது இது. பல விவசாயிகளிடம் வாங்கிய நெல்லைக் களத்தில் ஒரே அம்பாரமாகக் கொட்டும் ஆலைக்குச் சராசரி முறை பொருந்தும். அங்கே எந்த மூட்டை எந்த விலை என்று பிரிக்கவே முடியாது. பில் வாரியாகச் சிப்பம் வந்து அடுக்கப்படும் மண்டிக்கு முதலில் வந்தது முதலில் செல்லும் முறை பொருந்தும். மார்ச் இறுதியில் அந்த மண்டியின் இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும் தொகையும் அண்மைய பில்களின் விலையும் ஒத்துப்போகும், சரிபார்க்கவும் எளிது.

வங்கியில் சரக்கை ஈடுகாட்டிக் காசுக்கடன் வைத்திருப்பவர்கள் மாதந்தோறும் கொடுக்கும் இருப்பு அறிக்கையில் சந்தை விலையைப் போட்டுவிட்டு, ஆண்டுக் கணக்கில் அடக்கவிலையைக் காட்டுவது உண்டு. மார்ச் மாத அறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது கேள்வி எழும். இரண்டிலும் ஒரே முறை, ஒரே விலை இருக்க வேண்டும்.

கணக்கு மென்பொருளில் இந்தத் தேர்வு பெரும்பாலும் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. டேலியில் ஒவ்வொரு சரக்குக்கும் `Costing Method` என்ற இடத்தில் முறை குறிக்கப்பட்டிருக்கும். யாரும் மாற்றாவிட்டால் `Avg. Cost` இருக்கும். அங்கே `FIFO`, `FIFO Perpetual` என்று இரண்டு உண்டு. முன்னது நிதியாண்டுக்குள் மட்டும் வரிசையைப் பார்க்கும், பின்னது முந்தைய ஆண்டுகளின் வரவையும் தொடர்ந்து பார்க்கும். `Last Purchase Cost` என்பதைத் தேர்ந்தால் நம் எடுத்துக்காட்டில் தற்செயலாக 1,230 ரூபாயே வரும். ஆனால் மார்ச் 30-ல் அவசரத்துக்குப் பத்துச் சிப்பம் 1,300 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், அந்தப் பத்தின் விலை கிடங்கு முழுவதற்கும் ஏறிவிடும்.

ஆண்டின் நடுவே யாரோ இந்த முறையை மாற்றிவிட்டால், மென்பொருள் இருப்பின் மதிப்பைப் புதிதாகக் கணக்கிட்டுக் காட்டும். சென்ற ஆண்டு கையெழுத்திட்ட கணக்கின் இறுதி இருப்பும் திரையில் வேறாகத் தெரியலாம். ஏப்ரல் 1-ன் தொடக்க இருப்பு, தணிக்கை செய்த கணக்கில் உள்ள சென்ற ஆண்டின் இறுதி இருப்போடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, இறுதி இருப்பில் ஒரு சிப்பத்தின் விலை, அவ்வாண்டு வரவின் மிகக் குறைந்த விலைக்கும் மிக உயர்ந்த விலைக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிகர விற்பனை மதிப்புக்கு இறக்கிய சரக்கு மட்டுமே அந்த எல்லைக்குக் கீழே போகலாம். மேலே போயிருந்தால், யாரோ விற்பனை விலையை இருப்பு விலையாகப் போட்டிருக்கிறார்கள் அல்லது எண்ணிக்கையில் பிசகு இருக்கிறது.

முறையை உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலை வந்தால், மாற்றிய ஆண்டின் கணக்குக் குறிப்பில் பழைய முறை எது, புதிய முறை எது, ஏன் மாற்றினோம், அதனால் அவ்வாண்டு லாபம் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதைத் தொகையோடு எழுத வேண்டும். நம் மண்டி சராசரியிலிருந்து முதலில் வந்தது முதலில் செல்லும் முறைக்கு இவ்வாண்டு மாறியிருந்தால், "சரக்கிருப்பு மதிப்பீட்டு முறை மாற்றத்தால் நடப்பு ஆண்டின் லாபம் 12,000 ரூபாய் குறைந்துள்ளது" என்ற வரியும், நிகர விற்பனை மதிப்பு 1,240 ரூபாயாக இருந்திருந்தால் அதே இடத்தில் 4,000 ரூபாய் என்ற தொகையும் அந்தக் குறிப்பில் இருக்கும்.